காசைக் கூட்டத் தெரிந்த இயந்திரம்

ஓர் இயந்திரத்தின் முன் நிற்கிறீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் கடலைமிட்டாய்ப் பொட்டலங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பொட்டலத்தின் விலை 15 ரூபாய். முதலில் ஒரு 5 ரூபாய்க் காசைப் போடுகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு 10 ரூபாய்க் காசைப் போடுகிறீர்கள். உடனே ஒரு பொட்டலம் கீழே விழுகிறது.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சற்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது காசு விழும்போது முதல் காசு உண்டியலுக்குள் போய்விட்டது. இயந்திரம் அதைத் திரும்பவும் எடுத்துப் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, "ஏற்கெனவே 5 ரூபாய் வந்திருக்கிறது, இப்போது 10 வந்ததும் 15 ஆகிவிட்டது" என்று அதற்கு எப்படித் தெரிந்தது? அதே 10 ரூபாய்க் காசை முதலாவதாகப் போட்டிருந்தால் பொட்டலம் விழுந்திருக்காதே! ஒரே காசுக்கு ஒரு சமயம் ஒரு விடையும், வேறு சமயம் வேறு விடையும் தருகிறது இந்த இயந்திரம். ஆகவே அதனுள் எங்கோ நினைவு என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

காசு போட்டால் பொருள் தரும் கருவி மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோ என்ற அறிஞர், கோயிலில் புனித நீர் வழங்கும் கருவி ஒன்றை விவரித்திருக்கிறார். காசு ஒரு சிறு தட்டில் விழும். அதன் எடையால் நெம்புகோல் சாய்ந்து, நீரை அடைத்திருக்கும் மூடி திறக்கும். தட்டு சாயச் சாயக் காசு வழுக்கிக் கீழே விழுந்துவிடும். உடனே மூடி பழையபடி மூடிக்கொள்ளும். அருமையான கருவிதான். ஆனால் அதற்கு நினைவு இல்லை. காசு விழுந்தால் நீர், அவ்வளவே. இரண்டு காசுகளைக் கூட்டிப் பார்க்க அதனால் முடியாது.

நம் கடலைமிட்டாய் இயந்திரத்துக்கோ கூட்டத் தெரிய வேண்டும். அதற்கான கட்டுப்பாட்டுச் சுற்றை நாமே படிப்படியாக அமைத்துப் பார்ப்போம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

எதை நினைவில் வைக்க வேண்டும்?

நம் இயந்திரம் 5 ரூபாய், 10 ரூபாய்க் காசுகளை மட்டும் ஏற்கும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே விழுவது எந்தக் காசு என்று கண்டுபிடிப்பது தனியான ஒரு பகுதியின் வேலை. அது காசின் அளவையும் உலோகத்தையும் சோதித்து, நம் சுற்றுக்கு இரண்டு கம்பிகள் வழியாகச் சேதி அனுப்பும். 5 ரூபாய் என்றால் ஒரு கம்பியில் மின்துடிப்பு. 10 ரூபாய் என்றால் மற்றொரு கம்பியில். இந்த இரண்டு கம்பிகள்தாம் நமது உள்ளீடுகள்.

வாடிக்கையாளர் எந்தெந்த வரிசையில் காசு போடக்கூடும்? 5, 5, 5 என்று போடலாம். 5, 10 என்றோ 10, 5 என்றோ போடலாம். சில்லறை சரியாக இல்லாதவர் 10, 10 என்று போடுவார். 5, 5, 10 என்று போடுபவரும் உண்டு. ஆக, ஒரு பொட்டலம் கிடைப்பதற்கு 5 வழிகள் இருக்கின்றன. அப்படியானால் இந்த வரிசைகளை எல்லாம் இயந்திரம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒருவர் 5, 5 என்று போட்டார். இன்னொருவர் ஒரே 10 ரூபாய்க் காசைப் போட்டார். இனிமேல் இந்த இருவரும் செய்யக்கூடிய எதற்கும் இயந்திரம் ஒரே மாதிரியான விடையைத்தான் தர வேண்டும். இருவருக்கும் இன்னும் 5 ரூபாய் பாக்கி, அவ்வளவுதான். ஆகவே அவர்கள் இருவரையும் வேறுபடுத்திப் பார்க்கத் தேவையே இல்லை. இனி நடக்கப்போவதற்கு எது தேவையோ அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்; மற்றதை மறந்துவிடலாம்.

இப்படித் தேவையற்றதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது மூன்றே சங்கதிகள். இயந்திரத்தின் கையில் காசு எதுவும் இல்லை. 5 ரூபாய் இருக்கிறது. 10 ரூபாய் இருக்கிறது. இவற்றை *நிலைகள்* என்று சொல்வார்கள். முதல் நிலைக்கு அ என்றும், 5 ரூபாய் உள்ள நிலைக்கு ஆ என்றும், 10 ரூபாய் உள்ள நிலைக்கு இ என்றும் பெயர் வைப்போம். 15 ரூபாய் சேர்ந்த கணமே பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு இயந்திரம் அ நிலைக்குத் திரும்பிவிடும். எனவே அதற்கென்று தனி நிலை தேவையில்லை.

இவ்வாறு குறிப்பிட்ட சில நிலைகளில் ஒன்றில் இருந்துகொண்டு, உள்ளீடு வரும்போது நிலை மாறி, வேண்டிய வெளியீட்டைத் தரும் அமைப்பை *நிலைப் பொறி* என்கிறோம்.

ஆறு கட்டங்கள்

இப்போது தாளில் ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் மூன்று நிலைகள். மேலே இரண்டு காசுகள். ஆக 6 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் "அடுத்த நிலை என்ன, வெளியே தருவது என்ன" என்று எழுத வேண்டும்.

| இப்போதைய நிலை | 5 ரூபாய் விழுந்தால் | 10 ரூபாய் விழுந்தால் |
|---|---|---|
| அ (0 ரூபாய்) | ஆ. எதுவும் இல்லை | இ. எதுவும் இல்லை |
| ஆ (5 ரூபாய்) | இ, எதுவும் இல்லை | அ, பொட்டலம் |
| இ (10 ரூபாய்) | அ, பொட்டலம் |? |

காசு எதுவும் விழாவிட்டால் இருந்த நிலையிலேயே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கட்டங்களை யாரும் யோசிக்காமலே நிரப்பிவிடலாம். ஆறாவது கட்டத்தில் மட்டும் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அங்கேதான் கணக்கோடு நியாயமும் சேர்ந்துகொள்கிறது. கையில் 10 ரூபாய் இருக்கும்போது இன்னொரு 10 ரூபாய் விழுந்துவிட்டது. மொத்தம் 20 ரூபாய். பொட்டலம் 15 ரூபாய். மீதி 5 ரூபாயை என்ன செய்வது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பொட்டலத்தைக் கொடுத்து அ நிலைக்குப் போய்விடுவது. அதாவது மீதியை விழுங்கிவிடுவது. இரண்டாவது, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு ஆ நிலைக்குப் போவது. மீதி 5 ரூபாய் அடுத்த பொட்டலத்துக்கு முன்பணமாக நிற்கும். ஆனால் வாடிக்கையாளர் போய்விட்டால் அது அடுத்து வருபவருக்குச் சேரும். மூன்றாவது, பொட்டலத்தையும் 5 ரூபாய்ச் சில்லறையையும் கொடுத்து அ நிலைக்குப் போவது.

மூன்றுமே ஒழுங்காக ஓடக்கூடிய இயந்திரங்கள்தாம். மின்சுற்று எதையும் மறுக்காது. எது சரி என்று தேர்ந்தெடுக்க வேண்டியவர் அட்டவணை எழுதுபவரே. அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இதைப் போட்டுப் பாருங்கள்:

பழைய நிலையின் தொகை + விழுந்த காசு = புதிய நிலையின் தொகை + கொடுத்த பொருளின் விலை + கொடுத்த சில்லறை

ஆ நிலையில் 10 ரூபாய் விழுகிறது என்று எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் 5 + 10 = 15. வலப்பக்கம் 0 + 15 + 0 = 15. சரியாக இருக்கிறது. கேள்விக்குறி இட்ட கட்டத்துக்கு முதல் வழியைப் போட்டால் இடப்பக்கம் 10 + 10 = 20; வலப்பக்கம் 0 + 15 + 0 = 15. வாடிக்கையாளரின் 5 ரூபாய் எங்கோ மறைந்துவிட்டது! இரண்டாவது வழியில் வலப்பக்கம் 5 + 15 + 0 = 20. மூன்றாவது வழியில் 0 + 15 + 5 = 20. இவை இரண்டும் கணக்கில் நேர்மையானவை. பணம் போட்டவர் கைக்கே மீதி போய்ச்சேர வேண்டும் என்பதால் மூன்றாவதை நாம் தேர்ந்தெடுப்போம். கேள்விக்குறியை அழித்துவிட்டு, "அ, பொட்டலம், 5 ரூபாய் சில்லறை" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தச் சமன்பாட்டை மறந்துவிடாதீர்கள். ஓர் அட்டவணை சரியா தவறா என்று கண்டுபிடிக்க இயந்திரத்தைச் செய்து பார்க்க வேண்டியதில்லை. கட்டம் கட்டமாக இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்தாலே போதும்.

அட்டவணை மின்சுற்றாகிறது

தாளில் உள்ள நிலையை மின்சுற்றில் எப்படி வைப்பது? *ஃபிளிப்-ஃபிளாப்* என்ற சிறு சுற்று இதற்கு உதவுகிறது. அது 0 அல்லது 1 என்ற இரண்டில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடிகாரத் துடிப்பு என்ற சீரான மின்துடிப்பு வரும்போது மட்டும், தன் வாயிலில் நிற்கும் புதிய மதிப்பை உள்ளே எடுத்துக்கொள்ளும். அடுத்த துடிப்பு வரும் வரை அதை விடாது. இதுவே நாம் தேடிய நினைவு.

ஒரு ஃபிளிப்-ஃபிளாப் இருந்தால் இரண்டு நிலைகளைத்தான் குறிக்கலாம். நமக்கு மூன்று வேண்டும். ஆகவே இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அ நிலைக்கு 00 என்றும், ஆ நிலைக்கு 01 என்றும், இ நிலைக்கு 10 என்றும் குறியீடு கொடுப்போம். இடது ஃபிளிப்-ஃபிளாப் 1 ஆக இருந்தால் கையில் 10 ரூபாய். வலது 1 ஆக இருந்தால் 5 ரூபாய்.

இனி அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு கட்டளையாகிறது. "வலது 1 ஆக இருந்து, 5 ரூபாய்க் கம்பியில் துடிப்பும் வந்தால், அடுத்து இடது 1 ஆகட்டும், வலது 0 ஆகட்டும்." "இடது 1 ஆக இருந்து, 5 ரூபாய்க் கம்பியில் துடிப்பும் வந்தால், பொட்டலம் கொடு. அடுத்து இரண்டும் 0 ஆகட்டும்." இவ்விதமான கட்டளைகளைத் தருக்க வாயில்கள் நிறைவேற்றுகின்றன. "இதுவும் அதுவும் உண்டானால்" என்பதற்கு ஒருவகை வாயில். "இதுவோ அதுவோ உண்டானால்" என்பதற்கு இன்னொரு வகை. ஏதாவது ஒரு கட்டளை 1 ஆக்கச் சொன்னால் அந்த ஃபிளிப்-ஃபிளாப் 1 ஆகிவிடும். எந்தக் கட்டளையும் சொல்லாவிட்டால் 0 ஆகும்.

இங்கே வெளியீடு நிலையோடு காசையும் சேர்த்துப் பார்த்துத் தரப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். இந்த வகைப் பொறிக்கு *மீலி பொறி* என்று பெயர். ஜார்ஜ் மீலி என்பவர் 1955-இல் இதை விளக்கினார். அதற்கு அடுத்த ஆண்டு எட்வர்ட் மூர் என்பவர் விளக்கிய *மூர் பொறி*யில், வெளியீடு நிலையை மட்டுமே பொறுத்தது. நம் இயந்திரத்தை அப்படி அமைத்தால் "15 ரூபாய் வந்துவிட்டது", "20 ரூபாய் வந்துவிட்டது" என்று இன்னும் இரண்டு நிலைகள் வேண்டும். மொத்தம் 5 நிலைகள், 3 ஃபிளிப்-ஃபிளாப்புகள். மீலி முறையில் சுற்று சிறியதாகிறது. ஆனால் "பொட்டலம் கொடு" என்ற கட்டளை ஒரே ஒரு துடிப்பு நேரம்தான் நிற்கும். அதற்குள் மோட்டார் நகரக்கூட நகராது. எனவே அந்தக் கட்டளையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பொட்டலம் விழும் வரை மோட்டாரை ஓட்டும் தனிச் சுற்று ஒன்று பின்னால் இருக்க வேண்டும்.

அட்டவணையில் இல்லாத நிலை

இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளால் 00, 01, 10, 11 என்று நான்கு குறியீடுகளைக் காட்ட முடியும். நாம் மூன்றைத்தான் பயன்படுத்தினோம். 11 சும்மா கிடக்கிறது. "அந்த நிலைக்கு இயந்திரம் போகவே போகாது; அதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று தோன்றும். எந்தக் கட்டத்திலும் 11-க்குப் போகும் வழி இல்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது ஃபிளிப்-ஃபிளாப்புகள் எந்த மதிப்போடு விழித்தெழும் என்று சொல்ல முடியாது. இரண்டும் 1 ஆக எழுந்தால் இயந்திரம் 11-இல் நிற்கும். மோட்டாரின் தீப்பொறியால் எழும் மின்குறுக்கீடும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பைத் தட்டிவிடக்கூடும். அப்போது என்ன நடக்கும் என்று நம் கட்டளைகளை வைத்தே கணக்கிடுவோம்.

காசு எதுவும் விழாவிட்டால் "இருந்த நிலையிலேயே இரு" என்பது கட்டளை. ஆகவே இயந்திரம் 11-இலேயே அசையாமல் காத்திருக்கும். வெளியே பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இப்போது நீங்கள் ஒரு 5 ரூபாய்க் காசைப் போடுகிறீர்கள். "இடது 1, 5 ரூபாய்" என்ற கட்டளை பொருந்துகிறது. உடனே பொட்டலம் விழுகிறது! அதே கணத்தில் "வலது 1, 5 ரூபாய்" என்ற கட்டளையும் பொருந்துகிறது. அது இடது ஃபிளிப்-ஃபிளாப்பை 1 ஆக்குகிறது. வலது 0 ஆகிறது. அதாவது இயந்திரம் 10-க்கு, நமது இ நிலைக்குப் போகிறது. கையில் 10 ரூபாய் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு 5 ரூபாய் போடுங்கள். மறுபடியும் ஒரு பொட்டலம். போட்டது 10 ரூபாய். கிடைத்ததோ 30 ரூபாய்ப் பொருள். கடைக்காரர் மாலையில் உண்டியலைத் திறந்து, விற்ற பொட்டலங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் பிசகு வெளிப்படும். ஆனால் அந்நேரம் இயந்திரம் மிகச் சரியாக இயங்கிக்கொண்டிருக்கும். ஏனென்றால் இரண்டாவது பொட்டலத்தோடு அது அ நிலைக்கு வந்துவிட்டது! எத்தனை முறை சோதித்தாலும் குறை அகப்படாது.

இதற்கு மருந்து என்ன? மின்சாரம் வந்தவுடன் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளையும் 0 ஆக்கும் சுற்று ஒன்றை முதலில் சேர்க்க வேண்டும். அது மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே குறுக்கீடு வரலாம் அல்லவா? எனவே அட்டவணையில் நான்காவது வரி ஒன்றையும் எழுதிவிட வேண்டும். 11-இல் காசு விழாவிட்டால் 00-க்குப் போ. 5 ரூபாய் விழுந்தால் ஆ நிலைக்குப் போ. 10 ரூபாய் விழுந்தால் இ நிலைக்குப் போ. எதையும் வெளியே கொடுக்காதே. அதாவது 11-ஐ அ நிலையின் மறுபெயராகவே நடத்து.

இதை நிறைவேற்ற நம் கட்டளைகளைக் கொஞ்சம் கறாராக்க வேண்டும். "இடது 1 ஆக இருந்தால்" என்று மட்டும் பார்க்காமல், "இடது 1 ஆகவும் வலது 0 ஆகவும் இருந்தால்" என்று இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். சில வாயில்கள் கூடுதலாகச் செலவாகும். ஆனால் துடிப்பு நொடிக்கு 1000 முறை வருமானால், தவறிப்போய் 11-க்குப் போன இயந்திரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் தானாகவே நேர்வழிக்கு வந்துவிடும்.

ஆனால் ஒன்று, வாடிக்கையாளர் 5 ரூபாய் போட்டபின் குறுக்கீட்டால் 01 என்பது 11 ஆகிவிட்டால், அவருடைய 5 ரூபாய்க் கணக்கு அழிந்துபோகும். அதை இந்த வரியால் மீட்க முடியாது. மின்வெட்டு நேர்ந்தாலும் இதே கதிதான். அதனால்தான் சில இயந்திரங்கள், விற்பனை முடியும் வரை காசை உண்டியலுக்குள் விடாமல் இடைத்தட்டில் நிறுத்தி வைத்திருந்து, தேவையானால் அந்தக் காசையே திருப்பிக் கொடுக்கின்றன.

ஒரு காசு, இருபத்தைந்து துடிப்பு

அட்டவணை சரி, சுற்றும் சரி. இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கிறோம். ஒரே ஒரு 5 ரூபாய்க் காசு போட்டதும் அது எட்டுப் பொட்டலங்கள் கொடுக்கச் சொல்கிறது! என்ன ஆயிற்று?

காசு வந்ததை உணர்வதற்கு ஒரு மெல்லிய ஒளிக்கற்றை வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். காசு அதை மறைக்கும் நேரம் முழுவதும் 5 ரூபாய்க் கம்பியில் 1 இருக்கும். துளையிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் விழுந்து வரும் காசின் வேகம் ஏறத்தாழ நொடிக்கு 1 மீட்டர். காசின் விட்டம் சுமார் 25 மில்லிமீட்டர். ஆகவே கற்றையை அது மறைத்திருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் 25 பங்கு. நமக்கு இது கண் இமைக்கும் நேரம். ஆனால் நொடிக்கு 1000 துடிப்புப் பெறும் நிலைப் பொறி, அந்த நேரத்தில் 25 முறை எட்டிப் பார்க்கிறது. பார்க்கும்போதெல்லாம் "5 ரூபாய் வந்தது" என்று கணக்கெழுதுகிறது. 25 காசுகள் என்றால் மூன்று மூன்றாக 8 பொட்டலங்கள்; மீதி ஒரு காசு. முடிவில் இயந்திரம் ஆ நிலையில் நிற்கும்.

அட்டவணையில் பிழை இல்லை. "காசு கற்றையில் இருக்கிறது" என்பதும் "ஒரு காசு வந்தது" என்பதும் வேறு வேறு செய்திகள். நாம் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிட்டோம். முதல் செய்தியிலிருந்து இரண்டாவதைப் பெறுவதற்கு இன்னொரு குட்டி நிலைப் பொறி வேண்டும். அதற்கு இரண்டே நிலைகள். "காலி" என்பது ஒன்று. "காசு கடந்துகொண்டிருக்கிறது" என்பது மற்றொன்று. காலி நிலையில் இருக்கும்போது கற்றை மறைந்தால் ஒரே ஒரு துடிப்பை வெளியே அனுப்பிவிட்டு இரண்டாவது நிலைக்குப் போகும். கற்றை திறக்கும் வரை அங்கேயே வாய்மூடி இருக்கும். திறந்ததும் காலி நிலைக்குத் திரும்பும். இதைக் காசு உணரும் பகுதிக்கும் பெரிய பொறிக்கும் நடுவே வைத்துவிட்டால், ஒரு காசுக்கு ஒரே துடிப்பு.

நூல் கட்டிய காசு

காசில் நூல் கட்டி உள்ளே விட்டு, பொருள் வந்ததும் மேலே இழுத்துக்கொள்ளும் ஏமாற்று வித்தை ஒன்று உண்டு. ஒற்றைக் கற்றையால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. காசு கீழே போனாலும் மேலே வந்தாலும் அது ஒரே மாதிரிதான் மறையும். பார்க்கப் போனால் மேலே வரும்போதும் இன்னொரு 5 ரூபாயாகக் கணக்கு ஏறிவிடும்!

ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கற்றைகள் வைத்தால் வழி பிறக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி காசின் விட்டத்தைவிடக் குறைவாக, 10 மில்லிமீட்டர் என்று வைப்போம். கீழே போகும் காசு முதலில் மேல் கற்றையை மட்டும் மறைக்கும், பிறகு இரண்டையும், பிறகு கீழ்க் கற்றையை மட்டும், கடைசியில் இரண்டும் திறக்கும். மேலே வரும் காசுக்கு இந்த வரிசை தலைகீழ். "காலி, மேல், இரண்டும், கீழ், காலி" என்ற வரிசை முழுவதும் முறையாக நடந்தேறினால் மட்டுமே ஒரு துடிப்பு அனுப்பும்படி அட்டவணை எழுதலாம். காலியாக இருக்கும்போது கீழ்க் கற்றை முதலில் மறைந்தால் காசு மேலே வருகிறது என்று பொருள். அப்போது கணக்கில் ஏறிய தொகையை அழிக்கச் சொல்லலாம். துளையை அடைக்கச் சொல்லலாம்.

இந்த இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் கூட்டும் அட்டவணையில் காசு வந்த வரிசை முக்கியமில்லை. 5, 10 என்றாலும் 10, 5 என்றாலும் ஒன்றுதான். ஆகவே வரிசையை மறந்துவிட்டோம். காசின் திசையை அறியும் அட்டவணையிலோ வரிசைதான் எல்லாமே. ஆகவே அதை நிலைகளாக வைத்துக் காப்பாற்றுகிறோம். எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்று முடிவு செய்வதே நிலை அட்டவணை எழுதுவதன் சாரம்.

இன்று இத்தகைய இயந்திரங்களில் தனித்தனி ஃபிளிப்-ஃபிளாப்புகளுக்குப் பதிலாக ஒரு நுண்கட்டுப்படுத்திச் சில்லு இருப்பதே வழக்கம். அட்டவணை அதன் நினைவகத்தில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். அங்கும் அட்டவணையின் ஒரு கட்டம் தவறாக இருந்தால் யாரோ ஒருவருடைய காசு போய்விடும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தாளில் மூன்று வட்டங்கள் வரைந்து அ, ஆ, இ என்று எழுதுங்கள். ஒரு புளியங்கொட்டையை அ வட்டத்தில் வையுங்கள். நண்பர் ஒருவர் "ஐந்து", "பத்து" என்று சொல்லச் சொல்ல, அட்டவணையைப் பார்த்துக் கொட்டையை நகர்த்துங்கள். முன்னால் என்ன சொன்னார் என்பதை நீங்கள் நினைவில் வைக்கவே கூடாது. கொட்டை இருக்கும் இடமே உங்கள் நினைவு. பத்து நிமிடம் விளையாடினாலும் கணக்கு பிசகாது.

பிறகு இந்த இரண்டு கணக்குகளைச் செய்யுங்கள்.

1. இயந்திரத்தில் "வேண்டாம்" என்று ஒரு பொத்தான் வைக்கிறோம். அதை அழுத்தினால் போட்ட பணம் திரும்ப வர வேண்டும். அட்டவணையில் மூன்றாவது பத்தி ஒன்று சேர்த்து, நான்கு வரிகளுக்கும் நிரப்புங்கள். 11-ஐயும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நம் சமன்பாடு நிற்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தும்போது விழுந்த காசு 0 என்று கொள்ள வேண்டும்.

2. பொட்டலத்தின் விலை 20 ரூபாயானால் எத்தனை நிலைகள் வேண்டும்? இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகள் போதுமா? அப்போது சும்மா கிடக்கும் குறியீடு ஏதாவது உண்டா? இல்லையென்றால், குறுக்கீட்டால் நிலை மாறிப்போனதை இயந்திரம் தானே கண்டுபிடிக்க வழி இருக்குமா?

இரண்டாவது கணக்கின் கடைசிக் கேள்வியை அவசரப்படாமல் யோசியுங்கள். 15 ரூபாய் இயந்திரத்தில் நமக்குத் தொல்லை கொடுத்த அந்த 11, "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் இருந்தது என்பது அப்போது உங்களுக்குப் புலப்படும்.